ரிவ்யூ முடிந்தது, இனி அந்தக் கடைசிக் கமென்ட்

கோட் ரிவ்யூவுக்குப் புதிதாக வருபவர்கள் வரிக்கு வரி கமென்ட் போடுவதைச் சீக்கிரமே பழகிக்கொள்கிறார்கள். எல்லாம் முடிந்து கடைசியில் ஒரு காலிப் பெட்டி திறக்குமே, அங்கேதான் கை நின்றுவிடுகிறது. பாதிப்பேர் அதைக் காலியாகவே விட்டு அனுப்பிவிடுகிறார்கள், மீதிப்பேர் "சில கமென்ட் போட்டிருக்கேன், பாருங்க" என்று ஒரு வரி எழுதுகிறார்கள். பதினோரு கமென்ட் வாங்கியவருக்கு அந்த வரியால் ஒரு பயனும் இல்லை. அவர் மறுநாள் காலையில் பி.ஆரைத் திறக்கும்போது அவருக்குத் தெரிய வேண்டியது இதுதான்: மெர்ஜ் செய்யலாமா கூடாதா, கூடாது என்றால் எதைச் செய்தால் ஆகும், அது என் வேலையா வேறு யாருடையதா.

இதை ஒரே ஒரு பி.ஆரை வைத்துச் சொல்கிறேன், ஏனென்றால் பொதுவாகச் சொன்னால் எல்லாம் சரியாகவே கேட்கும், எழுத உட்கார்ந்தால் ஒன்றும் வராது. நான் சொல்லும் பட்டன் பெயர்கள் கிட்ஹப்பில் இருப்பவை. வேறு இடத்தில் வேலை செய்தாலும் விஷயம் இதேதான்.

நம் பி.ஆர்

வாடிக்கையாளர் தன் பழைய ஆர்டர்களைப் பார்க்க ஒரு பக்கம். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று தேர்ந்தெடுக்கலாம். டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ். `orders` டேபிள் ஏற்கெனவே பெரியது, அதனால் எழுதியவர் ஒரு புது இன்டெக்ஸும் சேர்த்திருக்கிறார். நாம் படித்துவிட்டு பதினோரு இடத்தில் கமென்ட் போட்டிருக்கிறோம். அதில் இரண்டுதான் நிஜமான பிரச்சினை.

முதலாவது, தேதி. "மார்ச் 31 வரை" என்று கேட்டால் கோட் இப்படித் தேடுகிறது:

```sql
WHERE created_at <= '2024-03-31'
```

`created_at` என்பது நேரத்தோடு சேர்ந்த தேதி. அதோடு ஒப்பிடும்போது அந்தத் தேதி மார்ச் 31 நள்ளிரவு 00:00 ஆகிவிடும். அன்று காலை பத்து மணிக்குப் போட்ட ஆர்டர் பட்டியலில் வராது. டெஸ்டில் எல்லா ஆர்டரும் 00:00 மணிக்கே போட்டதாக இருந்ததால் டெஸ்ட் பாஸ் ஆகிவிட்டது.

இரண்டாவது, இன்டெக்ஸ். சாதாரண `CREATE INDEX` ஓடி முடியும்வரை அந்த டேபிளில் படிக்கலாம், எழுத முடியாது. பெரிய டேபிள் என்றால் அத்தனை நேரமும் புது ஆர்டர் எதுவும் பதிவாகாமல் காத்துக்கொண்டிருக்கும். அதற்கு `CONCURRENTLY` போட வேண்டும்.

மீதி ஒன்பதும் பெயர் வைத்தது, ஒரு ஃபங்ஷனைப் பிரிக்கலாம் என்பது, அப்புறம் "இது ஏன்?" என்று நான் கேட்ட கேள்விகள். இந்தப் பதினொன்றும் திரையில் ஒரே மாதிரிதான் தெரியும், ஒரே பெட்டி, ஒரே எழுத்து. எழுதியவர் மேலிருந்து கீழே ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டு வருவார். மூன்று பெயர்களை மாற்றிவிட்டு ஆர்டர் பதிவையே நிறுத்தப்போகும் விஷயத்தை "இதை அப்புறம் பேசலாம்" என்று விட்டுவிட வாய்ப்பு இருக்கிறது. அவர் மேல் தப்பில்லை, எது பெரியது எது சின்னது என்று நாம் சொல்லவே இல்லை.

முதலில் எண்ணுங்கள், பிறகு எழுதுங்கள்

பெட்டியைத் திறப்பதற்கு முன் உங்கள் கமென்ட்களையே ஒரு தடவை மேலிருந்து கீழே படியுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரே கேள்வி கேளுங்கள்: இதைச் சரிசெய்யாமல் மெர்ஜ் ஆனால் நான் ஆட்சேபிப்பேனா? ஆட்சேபிப்பேன் என்றால் அது தடுக்கும் விஷயம். இல்லை என்றால் விருப்பம். "ஆட்சேபிப்பேன் மாதிரி, ஆனாலும் பரவாயில்லை" என்று நடுவில் ஒரு குவியல் வைத்துக்கொள்ளத் தோன்றும், வைக்காதீர்கள். நடுக் குவியலை வாசிப்பவர் தன் மனநிலைக்கு ஏற்றபடி எடுத்துக்கொள்வார்: பயந்த சுபாவம் என்றால் எல்லாவற்றையும் செய்வார், அவசரத்தில் இருந்தால் எதையுமே செய்ய மாட்டார்.

இப்படித் திரும்பப் படிக்கும்போது உங்கள் கமென்ட்களில் இரண்டு மூன்று தேவையே இல்லை என்று தெரியும். அனுப்பும் முன் அழித்துவிடலாம். `Start a review` போட்டு எழுதியவை எல்லாம் அதுவரை உங்களுக்கு மட்டும்தான் தெரியும், பக்கத்தில் `Pending` என்று இருக்கும். புதியவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்வதும் இதே இடத்தில்தான்: பத்து கமென்ட் எழுதிவிட்டுப் பக்கத்தை மூடிவிடுவார்கள், `Submit review` அழுத்தியிருக்க மாட்டார்கள். எழுதியவர் ரிவ்யூவுக்காகக் காத்திருப்பார், ரிவ்யூ செய்தவர் பதிலுக்காகக் காத்திருப்பார், இரண்டு நாள் போய்விடும். "ஏன் பதிலே இல்லை" என்று தோன்றினால் முதலில் அந்த `Pending` இருக்கிறதா என்று பாருங்கள்.

பட்டனும் வாக்கியமும் ஒன்றையே சொல்ல வேண்டும்

பெட்டிக்குக் கீழே மூன்று தேர்வுகள்: `Comment`, `Approve`, `Request changes`. எழுதுவதற்கு முன்பே இதை முடிவு செய்துவிடுங்கள், ஏனென்றால் வாக்கியத்தை மனிதர் படிக்கிறார், பட்டனை இயந்திரம் படிக்கிறது. இரண்டும் வேறு வேறாகச் சொன்னால் இயந்திரம் சொல்வதுதான் நடக்கும்.

எனக்கே நடந்தது. ஆரம்பத்தில் ஒரு பி.ஆரில் எல்லாம் நன்றாக இருந்தது, ஒரே ஒரு இடத்தில் காலி மதிப்பு வந்தால் உடையும். இதற்காக இன்னொரு சுற்று எதற்கு என்று `Approve` அழுத்தி, "அந்த ஒரு வரியைச் சரிசெய்துவிட்டு மெர்ஜ் செய்யுங்கள்" என்று எழுதினேன். அந்த பி.ஆரில் ஆட்டோ மெர்ஜ் போட்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. டெஸ்ட் எல்லாம் ஏற்கெனவே பச்சை, குறைவாக இருந்தது ஒரு ஒப்புதல் மட்டும்தான். நான் பட்டனை அழுத்திய அடுத்த நொடியே மெர்ஜ் ஆகிவிட்டது. எழுதியவர் என் வாக்கியத்தைப் படிக்கும்போது அந்த ஓட்டைக் கோட் மெயின் பிராஞ்சில் இருந்தது. அவர் மேல் என்ன சொல்ல முடியும்? ஒப்புதல் கொடுத்தது நான்.

அதற்காக "சின்னத் திருத்தத்தோடு ஒப்புதல்" கூடவே கூடாது என்று சொல்ல மாட்டேன். ஒரு எழுத்துப்பிழை, ஒரு பெயர் மாற்றம், அதைச் செய்யாமலே மெர்ஜ் ஆனாலும் ஒன்றும் ஆகாது என்றால் தாராளமாக `Approve` போடலாம். அதாவது, `Approve` போட்டால் இதே நொடியில் மெர்ஜ் ஆனாலும் உங்களுக்குச் சம்மதம் என்று அர்த்தம். அந்தச் சம்மதம் இல்லையென்றால் போடாதீர்கள்.

`Request changes` பக்கமும் ஒரு சிக்கல் உண்டு. ஒப்புதல் கட்டாயம் என்று பிராஞ்சுக்கு விதி போட்டிருந்து, உங்களுக்கு எழுதும் அனுமதியும் இருந்தால், நீங்கள் கேட்ட திருத்தம் ஒரு பூட்டு. நீங்களே திரும்பி வந்து `Approve` கொடுக்க வேண்டும், அல்லது அனுமதி உள்ள ஒருவர் உங்கள் ரிவ்யூவை நீக்க வேண்டும். வேறு இரண்டு பேர் ஒப்புதல் கொடுத்தாலும் பூட்டு திறக்காது. ஆக, அதை அழுத்திவிட்டு மறுநாள் விடுப்பில் போகிறவர் சாவியையும் எடுத்துக்கொண்டு போகிறார். போகத்தான் வேண்டும் என்றால் கடைசிக் கமென்டிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள்: "திங்கள் வரை நான் இல்லை. இந்த இரண்டும் சரியாகிவிட்டால் என் ரிவ்யூவை நீக்கிவிட்டு மெர்ஜ் செய்யலாம், அதற்கு என் சம்மதம் உண்டு."

எழுதும் அனுமதி இல்லாத புதியவர் என்றால் நிலைமை தலைகீழ். உங்கள் `Approve` கட்டாய ஒப்புதல் கணக்கில் சேராது, டிக் பச்சையாக வராமல் சாம்பல் நிறத்தில் வரும். அப்போதும் ரிவ்யூ வீண் இல்லை, ஆனால் "என் பார்வையில் சரி, கணக்கில் சேர இன்னொருவர் ஒப்புதல் வேண்டும்" என்று எழுதாவிட்டால் எழுதியவர் மெர்ஜ் பட்டன் ஏன் திறக்கவில்லை என்று தேடிக்கொண்டிருப்பார். கெரிட் என்ற வேறொரு ரிவ்யூ கருவியில் இதை எண்ணாகவே வைத்திருக்கிறார்கள்: +1 என்றால் எனக்குச் சரி, வேறொருவர் ஒப்புதல் தர வேண்டும். +2 என்றால் ஒப்புதல். நமக்கு அந்த வித்தியாசத்தைச் சொற்களில் சொல்ல வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

`Comment` எப்போது? முடிவு சொல்லும் நிலையில் நீங்கள் இல்லாதபோது மட்டும். பாதிதான் படித்திருக்கிறீர்கள், அல்லது ஒரு கேள்விக்குப் பதில் வந்தால்தான் சொல்ல முடியும். அதையும் முதல் வரியில் சொல்லிவிட வேண்டும். "இது முடிவு இல்லை. மூன்றாவது கேள்விக்குப் பதில் வந்ததும் சொல்கிறேன்." கடிந்துகொள்வதுபோல ஆகிவிடுமோ என்று `Request changes`க்குத் தயங்கி `Comment` போடுகிறவர்கள் நிறைய. அது பணிவும் இல்லை, உதவியும் இல்லை. வேறொருவர் ஒப்புதல் கொடுத்ததும் உங்கள் ஆட்சேபம் எதையும் தடுக்காமல் பக்கத்தின் அடியில் கிடக்கும்.

எழுதும் வரிசை

சரி, நம் பி.ஆருக்கு வருவோம். இரண்டு தடுக்கும் விஷயங்கள் இருக்கின்றன, அதனால் `Request changes`. எழுதியது இது:

> முடிவு: இப்போது மெர்ஜ் வேண்டாம். இரண்டு திருத்தம் தேவை, இரண்டும் சின்னவைதான். மொத்த அமைப்பு சரியாக இருக்கிறது, மாற்றி எழுத வேண்டாம்.
>
> பார்த்தது: `4e1b7d0` வரை. சர்வர் கோட், மைக்ரேஷன், டெஸ்ட் மூன்றும் முழுதாக. ஸ்டைல் ஃபைல்களைப் பார்க்கவில்லை.
>
> மெர்ஜுக்கு முன் நீங்கள் செய்ய வேண்டியது:
> 1. கடைசி நாளின் ஆர்டர்கள் விடுபடுகின்றன. "மறுநாள் 00:00க்கு முன்" என்று மாற்றுங்கள். கடைசி நாள் இரவு 11:59க்குப் போட்ட ஆர்டர் வருகிறதா என்று ஒரு டெஸ்ட் சேருங்கள்.
> 2. இன்டெக்ஸை `CONCURRENTLY` போட்டு, தனி மைக்ரேஷனாகப் பிரியுங்கள். டிரான்சாக்‌ஷனுக்குள் அது ஓடாது.
>
> மற்ற ஒன்பது கமென்ட்களும் உங்கள் விருப்பம். செய்யாவிட்டாலும் ஒப்புதல் தருவேன்.
>
> அடுத்து: இரண்டும் முடிந்ததும் என் பெயருக்குப் பக்கத்தில் உள்ள வட்ட அம்பை அழுத்துங்கள், அந்த இரண்டை மட்டும் பார்ப்பேன். மைக்ரேஷனுக்கு டேட்டாபேஸ் டீமில் ஒருவர் ஒப்புதலும் வேண்டும், அதை நான் இப்போதே கேட்டுவிட்டேன்.

இதில் சில இடங்களை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

முடிவு முதல் வரியில் இருக்கிறது. நன்றி, நல்ல முயற்சி, சில எண்ணங்கள் என்று சுற்றிவிட்டு நான்காவது வரியில் "ஆனால்" என்று வருவதைப் பலர் மரியாதை என்று நினைக்கிறார்கள். வாங்குகிறவர் அந்த "ஆனால்" எப்போது வரும் என்றே படிக்கிறார். அறிவிப்பு மெயிலில் முதல் ஓரிரு வரிதான் தெரியும், முடிவு அங்கேயே தெரிந்துவிட வேண்டும்.

"மாற்றி எழுத வேண்டாம்" என்பதை முகஸ்துதிக்காக எழுதவில்லை. `Request changes` என்று சிவப்பில் பார்த்தவுடன் புதியவர் ஒருவர் மொத்தத்தையும் வேறு விதமாக எழுதிக்கொண்டு வருவது உண்டு, இரண்டு வரித் திருத்தத்துக்கு முந்நூறு வரி மாறியிருக்கும், முதலிலிருந்து ரிவ்யூ செய்ய வேண்டியதுதான். எது சரியாக இருக்கிறது, எதைத் தொட வேண்டாம் என்று சொல்வதும் மீதி வேலையைச் சொல்வதில் பாதி.

கமிட் எண் எதற்கு என்றால், நீங்கள் படித்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு கமிட் வந்திருக்கலாம். உங்கள் முடிவு நீங்கள் படித்த கோடுக்குத்தான், பிறகு வந்ததற்கு இல்லை. புது கமிட் வந்தால் பழைய ஒப்புதல் தானாக ரத்தாகும்படி ஒரு அமைப்பு இருக்கிறது, எல்லா இடத்திலும் அதைப் போட்டிருப்பார்கள் என்று சொல்ல முடியாது. போடாத இடத்தில் உங்கள் ஒப்புதலுக்கு அப்புறம் சேர்த்த கோடும் உங்கள் பெயரிலேயே உள்ளே போகும். ஒரு எண்ணை எழுதி வைப்பதில் சிரமம் ஒன்றுமில்லை.

பார்க்காததைச் சொல்வது சிலருக்குக் கூச்சமாக இருக்கிறது, வேலையைப் பாதியில் விட்டதாக ஒப்புக்கொள்வதுபோல. ஆனால் சொல்லாவிட்டால் அடுத்து வருபவர் "ரிவ்யூ ஆகிவிட்டதே" என்று அந்த ஸ்டைல் ஃபைல்களை அவரும் திறக்க மாட்டார். யாருமே படிக்காத ஃபைல் இரண்டு ஒப்புதலோடு உள்ளே போவது இப்படித்தான்.

திருத்தம் இரண்டையும் பாருங்கள், "தேதி லாஜிக்கை கவனிக்கவும்" என்று எழுதவில்லை. கவனித்துவிட்டேன் என்று அவர் சொன்னால் என்ன செய்வீர்கள்? இரவு 11:59 ஆர்டர் வருகிறதா என்பதற்கு ஆம், இல்லை என்று பதில் உண்டு. மீதி வேலை ஒவ்வொன்றும் முடிந்ததா இல்லையா என்று உங்களைக் கேட்காமலே அவரால் தெரிந்துகொள்ள முடிய வேண்டும். முடியாவிட்டால் அந்த வரியைத் திரும்ப எழுதுங்கள். காரண விளக்கம் எல்லாம் அந்தந்த வரிக் கமென்டிலேயே இருக்கட்டும், இங்கே திரும்ப எழுத வேண்டாம், வேண்டுமானால் அதன் இணைப்பைக் கொடுக்கலாம்.

விருப்பமான ஒன்பதில் ஒரு பொறி இருக்கிறது. எல்லாக் கமென்ட் தொடரையும் முடித்தால்தான் மெர்ஜ் திறக்கும் என்று சில இடத்தில் விதி வைத்திருப்பார்கள். அப்போது நீங்கள் "உங்கள் விருப்பம்" என்று எழுதிய பெயர் மாற்றக் கமென்டும் பூட்டுதான், நீங்கள் தடுக்கவில்லை, விதி தடுக்கிறது. எழுதியவருக்கு உங்கள் கமென்டைத் தானே மூடுவதற்குத் தயக்கம் இருக்கும். "விருப்பமானவற்றை நீங்களே `Resolve conversation` போட்டு மூடிக்கொள்ளலாம்" என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் ஒரு நாள் மிச்சம்.

இரண்டாம் சுற்று: உண்மையான முடிவு

மறுநாள் இரண்டு கமிட் வந்தன. தேதித் திருத்தம் சரி, டெஸ்டும் இருக்கிறது. புது மைக்ரேஷன் இப்படி:

```sql
CREATE INDEX CONCURRENTLY idx_orders_customer_created
  ON orders (customer_id, created_at);
```

டேட்டாபேஸ் டீமின் ஒப்புதலும் வந்துவிட்டது. இப்போது `Approve`. இங்கே பெரும்பாலானவர்கள் "நன்றாக இருக்கிறது" என்று முடித்துக்கொள்வார்கள், சின்ன பி.ஆருக்கு அது போதும், நானும் அப்படித்தான் செய்வேன். ஆனால் இந்த பி.ஆரில் மெர்ஜுக்குப் பிறகும் வேலை இருக்கிறது, மெர்ஜ் ஆனதும் எல்லோரும் இந்தப் பக்கத்தை மூடிவிடுவார்கள்.

அந்த வேலை என்ன என்றால், `CONCURRENTLY` பாதியில் தோற்றால் இன்டெக்ஸ் அழிந்துபோவதில்லை, செல்லாத நிலையில் அப்படியே டேபிளில் கிடக்கும். தேடலுக்கு அதைப் பயன்படுத்தாது, ஆனால் ஒவ்வொரு முறை எழுதும்போதும் அதையும் சேர்த்து எழுதும் சுமை மட்டும் உண்டு. திரும்ப ஓட்டும்போது `IF NOT EXISTS` போட்டிருந்தால் இன்னும் மோசம், அதே பெயரில் ஒன்று இருக்கிறதே என்று பேசாமல் தாண்டிப் போய்விடும். பக்கம் ஏன் மெதுவாக இருக்கிறது என்று யாரோ ஒருவர் பிறகு தேடுவார், இன்டெக்ஸ் பட்டியலில் பெயர் இருப்பதைப் பார்த்து இன்னும் குழம்புவார். அதனால் இறுதிக் கமென்ட்:

> முடிவு: ஒப்புதல், `9c02fa8` வரை. கேட்ட இரண்டும் சரியாகிவிட்டன, டெஸ்டை என் கணினியிலும் ஓட்டிப் பார்த்தேன். ஸ்டைல் ஃபைல்களை நான் பார்க்கவில்லை, டிசைன் பக்கம் ஒருவர் பார்த்து ஒப்புதல் தந்திருக்கிறார்.
>
> மீதி, இதே வரிசையில்:
> 1. மெர்ஜ்: எழுதியவர். ஒரே கமிட்டாகச் சேர்த்து.
> 2. இன்டெக்ஸ் மைக்ரேஷன்: டேட்டாபேஸ் டீம், போக்குவரத்து குறைந்த நேரத்தில். முடிந்ததும் கீழே உள்ள கேள்விக்கு `t` வர வேண்டும். `f` வந்தால் அந்த இன்டெக்ஸை நீக்கிவிட்டுத் திரும்ப ஓட்ட வேண்டும்.
> 3. வாடிக்கையாளர்களுக்குப் பக்கத்தைத் திறந்துவிடுவது: எழுதியவர். இரண்டாவது முடிந்த பிறகு மட்டும்.
>
> இந்த பி.ஆரில் செய்யாதது: பழைய பக்கங்களுக்குப் போகப் போக `OFFSET` மெதுவாகும். தனி டிக்கெட் போட்டுவிட்டேன், இணைப்பு பி.ஆர் விவரத்தில் இருக்கிறது.

கேள்வி இது:

```sql
SELECT indisvalid FROM pg_index
WHERE indexrelid = 'idx_orders_customer_created'::regclass;
```

ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஆள் இருப்பதைப் பாருங்கள். "மைக்ரேஷனை ஓட்ட வேண்டும்" என்று மட்டும் எழுதினால் எழுதியவர் டேட்டாபேஸ் டீம் ஓட்டும் என்று நினைப்பார், அவர்கள் மெர்ஜ் ஆனால் தானாக ஓடும் என்று நினைப்பார்கள். அது தானாக ஓடுகிறதா என்பது இடத்துக்கு இடம் மாறும், புதியவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை, கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதுங்கள். வரிசையும் காரணத்தோடுதான் இருக்கிறது: இன்டெக்ஸ் வருவதற்கு முன் பக்கத்தைத் திறந்தால் ஒவ்வொரு வாடிக்கையாளரின் தேடலும் பெரிய டேபிள் முழுவதையும் துழாவும்.

டிக்கெட்டைப் பற்றி ஒன்று. "இதற்கு அப்புறம் ஒரு டிக்கெட் போடலாம்" என்று எழுதாதீர்கள். போட்டுவிட்டு இணைப்பைக் கொடுங்கள், அல்லது அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள். மெர்ஜ் ஆன பி.ஆரின் கமென்டில் இருக்கும் "போடலாம்"களை யாரும் தேடி எடுப்பதில்லை. நானே நிறைய எழுதியிருக்கிறேன், ஒன்றுகூட டிக்கெட் ஆனதாக நினைவில்லை.

நீளம் எவ்வளவு இருக்கலாம் என்று கேட்பார்கள். மேலே இருப்பவை என் கணக்கில் கொஞ்சம் பெரியவை, மைக்ரேஷன் இருந்ததால்தான். மூன்று வரி மாறிய பி.ஆருக்கு "ஒப்புதல். டெஸ்ட் பச்சையானதும் நீங்களே மெர்ஜ் செய்யுங்கள்" போதும், அதிலும் முடிவு, மீதி, ஆள் மூன்றும் இருக்கிறது. கமென்ட் ஒரு திரையைத் தாண்டுகிறது என்றால் அநேகமாக நீங்கள் வரிக் கமென்ட்களையே திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறீர்கள், இல்லாவிட்டால் அந்த பி.ஆர் இரண்டாகப் பிரிய வேண்டியது. இரண்டாவதாக இருந்தால் அதுதான் உங்கள் முடிவு, அதை முதல் வரியில் எழுதிவிட்டு எந்த ஃபைல் எதில் போக வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். பிரிக்கச் சொல்லிவிட்டு அதன் மேல் பதினைந்து சின்னத் திருத்தமும் கேட்பது வீண், பிரித்த பிறகு பாதி இடம் மாறிவிடும்.

அப்புறம், இரண்டாம் சுற்றில் புதுக் குறை ஒன்று கண்ணில் பட்டால்? முதல் சுற்றிலேயே இருந்த கோடு, நீங்கள்தான் விட்டுவிட்டீர்கள். நிஜமாகத் தடுக்கும் விஷயம் என்றால் சொல்லத்தான் வேண்டும், "இது முதலிலேயே இருந்தது, நான் கவனிக்கவில்லை, மன்னிக்கவும்" என்று சேர்த்து. பெயர் மாதிரி சின்ன விஷயம் என்றால் விட்டுவிடுங்கள். "அந்த இரண்டை மட்டும் பார்ப்பேன்" என்று எழுதிக் கொடுத்தது நீங்கள்தான், அதை நம்பித்தான் அவர் இரண்டை மட்டும் செய்துகொண்டு வந்திருக்கிறார்.

நம் பி.ஆரில் அன்று மாலையே மெர்ஜ் ஆனது. இரவில் மைக்ரேஷன் ஓடியது, முதல் தடவை `f`. நீண்ட நேரமாக ஓடிக்கொண்டிருந்த ஒரு அறிக்கைத் தேடலுக்காகக் காத்திருந்து காலாவதியாகிவிட்டது. ஓட்டியவர் பட்டியலில் இருந்தபடியே இன்டெக்ஸை நீக்கிவிட்டு அந்த அறிக்கை முடிந்ததும் மறுபடி ஓட்டினார், `t` என்ற ஒற்றை எழுத்தை அதே கமென்டுக்குக் கீழே போட்டார். காலையில் எழுதியவர் அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திறந்துவிட்டார். நான் அன்று பி.ஆரைத் திறக்கவே இல்லை.